நான்காம் காட்சியில் மூன்றாவது ஆள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பர்சனல் பிரிவில் ஏழு வருடம் இருந்தேன். லீவு, பி.எஃப். படிவம், வேலை நியமனக் கடிதம் இவைதான் என் மேஜைக்கு வரும். வசனம் எழுதச் சொல்லி ஒருநாள் ஒரு சி.டி. வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

எங்கள் கம்பெனி அதுவரை வெளிநாட்டு ஆர்டர்களுக்கு மட்டும் ஷூ தைத்துக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில்தான் சொந்தமாகக் கடை திறந்தார்கள். ஆம்பூர் நெடுஞ்சாலையில் ஒன்று, வேலூரில் ஒன்று. விற்பனைக்குப் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. தையல் பிரிவில் இருந்த பெண்களில் முகம் பார்த்துப் பேசக்கூடிய பதினொரு பேரைப் பொறுக்கி இரண்டு கடைக்கும் பிரித்து அனுப்பினார்கள். கடைக்கு ஒரு இன்சார்ஜ். அவ்வளவுதான் ஏற்பாடு. வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று அந்தப் பெண்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

வேலூர் கடையைப் பற்றி முதலாளிக்கே நேராக ஒரு புகார்க் கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மகள் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய ஷூ ஒன்பதாம் நாள் சோல் விட்டுப்போயிருக்கிறது. கடைக்குக் கொண்டுபோனால் அங்கிருந்த பெண், ‘இது இப்டித்தான் சார் இருக்கும், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாளாம். வாத்தியார் எழுத்து அல்லவா, நடந்ததை வரி வரியாக, யார் என்ன சொன்னார்கள் என்று மேற்கோள் குறி போட்டு எழுதியிருந்தார்.

சின்ன முதலாளிக்கு, அதாவது முதலாளியின் தம்பிக்கு, ரோஷம் வந்துவிட்டது. சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனத்திடம் சொல்லி, வாடிக்கையாளர் சேவை பற்றி முப்பது நாற்பது ஸ்லைடு கொண்ட ஒரு சி.டி.யை வரவழைத்தார். எல்லாம் ஆங்கிலம். எங்கள் பர்சனல் மேனேஜர் அதை என் மேஜையில் வைத்தார். பேரணாம்பட்டுக்காரர், வயதானவர், குரலை உயர்த்தவே மாட்டார். அவர் மெதுவாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

“இதுல ஆறு சிச்சுவேஷன் இருக்கும்மா. ஒவ்வொண்ணையும் ரெண்டு பேர் பேசி நடிக்கிற மாதிரி தமிழ்ல எழுதணும். ஒண்ணு அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. அடுத்த சனிக்கிழமை கேன்டீன் ஹால்ல பிராக்டிஸ். சின்ன முதலாளி வந்து உக்காருவாரு.”

“எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல சார்.”

“சர்ச்சுல கிறிஸ்துமஸ் நாடகம் நீதான எழுதுறே? அப்புறம் இன்னா?”

சிச்சுவேஷன் என்று அவர் சொன்னது ஸ்லைடுக்கு நாலைந்து வரிதான். நான்காவது மட்டும் இன்னமும் மனப்பாடமாக இருக்கிறது. ‘வாங்கிய பொருளில் குறை, வாடிக்கையாளர் கோபமாகத் திரும்பி வருகிறார்.’ அதன் கீழே ஐந்து புள்ளிகள். குறுக்கிடாமல் கேளுங்கள். அவர் நிலையை உணர்ந்ததாகக் காட்டுங்கள். மன்னிப்புக் கேளுங்கள். விதிகளுக்குட்பட்டுத் தீர்வு கூறுங்கள். உங்களால் முடியாவிட்டால் மேலதிகாரியிடம் கொண்டு செல்லுங்கள்.

முதல் இரண்டு நாளில் ஆறையும் எழுதி முடித்துவிட்டேன். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு சரியாக வராமல் கட்டம் கட்டமாகக் காட்டியது. அதனால் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். பக்கத்து மேஜை இரண்டு பேரை நிற்க வைத்துப் படிக்கச் சொன்னேன். கேட்கச் சகிக்கவில்லை. ‘உங்கள் சிரமத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது ஐயா’ என்று விற்பனைப் பெண் சொல்ல வேண்டும். அதைப் படித்த டைம் ஆபீஸ் பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, கடைல எவளாவது இப்டிப் பேசுனா, நக்கல் பண்றியான்னு கேப்பான் வந்தவன்” என்றான்.

அது உண்மைதான். ஸ்லைடில் இருப்பது என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும். வாயைத் திறந்து என்ன சொல்வார்கள் என்பது அதில் இல்லை. புதன்கிழமை மேனேஜரிடம் சொல்லிவிட்டு வேலூர் கடைக்குப் பஸ் ஏறினேன். ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காதை மட்டும் தீட்டிக்கொண்டேன்.

அங்கேதான் அந்தப் பெண்ணை முதலில் பார்த்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, தலையில் துப்பட்டா. புகாரில் இருப்பவள் அவள்தான் என்று இன்சார்ஜ் என்னிடம் கண்ணாலேயே காட்டினார். அவர் நாற்பது வயதுக்காரர், நன்றாக உடுத்துவார், எல்லாரையும் சிரிக்க வைப்பார். கடையின் பின்னால் கண்ணாடி போட்ட சின்ன அறை அவருடையது. நான் இருந்த மூன்று மணி நேரத்தில் பாதி நேரம் அதன் கதவு சாத்தியிருந்தது.

ஒரு அம்மாள் பக்கிள் பிடுங்கிக்கொண்ட செருப்போடு சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பெண் புரிகிறது என்றும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. “குடுங்கம்மா, பாக்குறேன்” என்று இரண்டு கையையும் நீட்டிச் செருப்பை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். “தையல் ஓட்டமே இல்லையே இங்க. நீங்க நடந்ததால போகல, தைக்கும்போதே விட்ருக்காங்க” என்றாள். அந்த அம்மாளின் குரல் பாதியாக இறங்கிவிட்டது. தையல் பிரிவில் இருந்தவளுக்குத் தெரியாதா எங்கே விட்டிருக்கிறார்கள் என்று?

நான் அவசர அவசரமாக நோட்டில் எழுதிக்கொண்டேன். ‘பொருளைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். அதுதான் இரண்டாவது புள்ளி.’ பிறகு அவள் செருப்பை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தட்டியதையும், வெறும் கையோடு திரும்பி வந்து, “வெள்ளிக்கிழமை வாங்கம்மா” என்று தரையைப் பார்த்துச் சொன்னதையும் பார்த்தேன். பார்த்தும் எழுதவில்லை. எனக்கு வேண்டியது வசனம். கதவைத் தட்டுவது வசனம் இல்லையே.

ஊருக்குத் திரும்பி எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். முழு வசனமும் எழுதினால் ஒப்பிக்கத்தான் செய்வார்கள் என்று புரிந்திருந்தது. அதனால் ஒரு காட்சிக்கு இரண்டு அட்டை. வாடிக்கையாளர் அட்டையில் அவர் யார், ஏன் கோபம், முதலில் சொல்ல வேண்டிய வரி, எதிரில் இருப்பவள் தன்மையாகப் பேசினால் எப்படி இறங்க வேண்டும், எடுத்தெறிந்து பேசினால் எப்படி ஏற வேண்டும். கடைப்பெண் அட்டையில் அவளுக்குத் தெரிந்திருக்கக்கூடியது மட்டும். எதிராளி அட்டையை அவள் பார்க்கக் கூடாது. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு தாள்: கேட்டாளா, பொருளை வாங்கிப் பார்த்தாளா, தீர்வு சொன்னாளா என்று டிக் போட.

நான்காவது காட்சிக்கு எனக்கு வசனம் தேட வேண்டியே இருக்கவில்லை. வாத்தியார் கடிதம் இருந்தது. அவருடைய வரிகளை அப்படியே எடுத்து வாடிக்கையாளர் அட்டையில் இறக்கினேன். ‘ஒன்பது நாள்ல வாயைப் பொளந்துட்டு நிக்குது, இதுக்குப் பேர் ஷூவா?’ எவ்வளவு உயிரான வரி என்று சந்தோஷப்பட்டேன். ஐந்தாவது புள்ளி மட்டும் இடித்தது. மேலதிகாரியிடம் போவதென்றால் மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும், மூன்றாவது அட்டை வேண்டும், நேரமும் ஐந்து நிமிடத்தைத் தாண்டும். பென்சிலால் ஒரு கோடு போட்டு அதை அடித்துவிட்டேன். ‘விதிக்குட்பட்டுத் தீர்வு சொல்கிறாள்’ என்று காட்சி முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை மேனேஜர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான்காவதில் நிறுத்தினார்.

“இது அந்த லெட்டர்தான?”

“ஆமா சார். நெஜமா நடந்ததா இருந்தா நல்லா இருக்கும்னு…”

“நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணையே இதுக்குப் போட்டுடு. கஸ்டமரா நான் நடிக்கிறேன்னு வேலூர் இன்சார்ஜ் சொல்லிட்டாரு. அவ நாளைக்குத் தேறலைன்னா தையல் செக்ஷனுக்கே திருப்பி அனுப்பிடலாம்னு சின்ன முதலாளி சொல்றாரு.”

அவள் ஏன் கடைக்கு வந்தாள் என்று என் ஃபைலிலேயே இருந்தது. பசை வாசனை ஆகாமல் மூச்சு வாங்குகிறது என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். “சார், வேற யாரையாவது போடலாமே” என்றேன். “ஏம்மா, நீதான எழுதினே?” என்றார், குரலை உயர்த்தாமல்.

சனிக்கிழமை காலை கேன்டீன் ஹாலில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை அரை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சாம்பார் கொதிக்கும் வாசனை. பதினொரு பெண்களும் சீருடையில் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சின்ன முதலாளி முன்வரிசையில். அவர் மடியில் ஸ்லைடுகளின் பிரின்ட் இருந்தது.

முதல் மூன்று காட்சிகள் ஒருவழியாகப் போயின. சைஸ் இல்லை என்று சொல்வது, விலையைக் குறைக்கச் சொல்லும் ஆளிடம் பேசுவது, ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் கவனிப்பது. பெண்கள் கொஞ்சம் சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தார்கள். நான்காவது அட்டையை அவள் கையில் கொடுத்தபோது அவள் விரல் சில்லென்று இருந்தது.

இன்சார்ஜ் ஷூ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் தொப்பென்று போட்டார். நன்றாகவே நடித்தார். “ஒன்பது நாள்ல வாயைப் பொளந்துட்டு நிக்குது! இதுக்குப் பேர் ஷூவா?”

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அது எங்கிருந்து வந்த வரி என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி ஷூவை வாங்கினாள். புரட்டினாள். வாய் திறக்கவில்லை.

“இன்னாம்மா பேச்சையே காணோம்? என் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு வாங்கினது!” இன்சார்ஜ் அடுத்த வரிக்குத் தாவினார்.

அவள் ஷூவை மேஜையில் வைத்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்பதுபோல.

“அக்கா, இதுல ஒரு ஆளு கொறையுது” என்றாள்.

மேனேஜர், “அட்டைல இருக்கறதை மட்டும் பேசும்மா” என்றார்.

“அட்டைல தீர்வு சொல்லுன்னு போட்ருக்கு சார். என்ன தீர்வு சொல்றது? எக்ஸ்சேஞ்சுக்குக் கையெழுத்து வேணும். எனக்கு அந்தக் கையெழுத்து கெடையாது.”

இன்சார்ஜ் சிரித்தார். “ரெண்டு பேர் டிராமால மூணாவது ஆளு எங்கருந்து வருவான்? வாயாலயே சமாளிக்கத்தான இந்த டிரெய்னிங்.”

சின்ன முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் தாளில் ஏதோ குறிக்கப் போனார். அவர் பேனா தாளைத் தொட்டுவிட்டால் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

“அவங்க சொல்றது சரி சார். ஸ்லைடுல அஞ்சாவது பாயிண்ட் இருக்கு. முடியலைன்னா மேல இருக்கறவங்ககிட்ட கொண்டுபோகணும்னு. நேரம் பத்தாதுன்னு நான்தான் எடுத்துட்டேன். என் தப்பு.”

சின்ன முதலாளி பிரின்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி விரலை வைத்தார்.

“சரி, அதையும் சேத்துப் பண்ணுங்க” என்றார். இன்சார்ஜ் பக்கம் திரும்பி, “நீங்க கஸ்டமர் வேணாம். இன்சார்ஜாவே இருங்க. எழுதுனவங்க கஸ்டமரா வரட்டும்.”

வாத்தியாராக நான் போய் நின்றேன். வரிகள் எனக்கு அட்டை இல்லாமலே தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல நாக்கு புரளவில்லை. இரண்டாவது முறைதான் வந்தது. “ஒன்பது நாள்ல வாயைப் பொளந்துட்டு நிக்குது.”

“குடுங்க சார், பாக்குறேன்.” இப்போது அவள் குரல் கடையில் நான் கேட்ட குரல். விரலால் சோல் ஓரத்தை நீவினாள். “ஒட்டுனது சரியா காயாமலே வந்துருக்கு சார். உங்க மேல தப்பு இல்ல. பில்லு இருக்கா? இருங்க, எங்க சாருகிட்ட கேட்டுட்டு வர்றேன்.”

நாலு எட்டு நடந்து இன்சார்ஜ் நாற்காலி முன் நின்றாள். காற்றில் விரலை மடக்கிக் கதவைத் தட்டினாள். அந்தக் கதவு அங்கே இருந்தது மாதிரியே எல்லாருக்கும் தெரிந்தது. வேலூர்ப் பெண்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சார், சோல் விட்ருக்கு. நம்ம தப்புதான். ஒரு கையெழுத்து போடுங்க.”

தன் கையிலிருந்த அட்டையைப் பில் மாதிரி மடித்து அவர் முன் நீட்டினாள். இன்சார்ஜ் அதைப் பார்த்தார். யோசித்துச் சொல்லியிருந்தால் சரியானதைச் சொல்லியிருப்பார். அவர் யோசிக்கவில்லை. தினமும் கேட்கிற கேள்வி, தினமும் சொல்கிற பதில்.

“இந்த மாசம் ரிட்டர்ன் ஏற்கெனவே ஜாஸ்தி. எதையாவது சொல்லி அனுப்பு போ.”

சொன்ன பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அவள் அங்கேயே நிற்கவில்லை. திரும்பி என்னிடம் வந்தாள். ஷூவை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள். “இது இப்டித்தான் சார் இருக்கும். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.” கடிதத்தில் இருந்த அதே வரி. அதைப் படித்தபோது நான் கேட்டது ஒரு திமிர். இப்போது கேட்டது வேறு.

என்ன பதில் சொல்ல வேண்டும் என்று என் அட்டையில் இல்லை. ஷூவை வாங்கிக்கொண்டு நின்றேன்.

சின்ன முதலாளி இன்சார்ஜைப் பார்த்து, “ரிட்டர்ன் ஜாஸ்தியானா உங்களுக்கு இன்னா ஆகுது?” என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை.

இன்சார்ஜ் எழுந்து நின்றார். “ஒவ்வொரு மாசமும் ஃபேக்டரிலருந்து ஃபோன் வருது சார். ரிட்டர்னை அனுப்பாதீங்க, க்வாலிட்டிக்குக் கெட்ட பேருன்னு. எங்க கடை ரிட்டர்னுல ஃபர்ஸ்டுன்னு மீட்டிங்ல நிக்க வெச்சுக் கேட்டாங்க. நானும் எங்க போவேன்?” கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அதுவரை அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது.

மேனேஜர் தன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எதுவும் குறிக்கவில்லை.

ஐந்தாவது, ஆறாவது காட்சிகள் அன்று நடக்கவில்லை. சின்ன முதலாளி என்னிடம், “நாலாவதை மூணு பேருக்கு எழுதுங்க. பத்து நிமிஷம் ஆனாலும் பரவால்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “சபைல வெச்சு ஒருத்தரை அப்டி நிக்க வெக்கலாமா?” என்று மட்டும் ஒருநாள் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவளை அப்படி நிற்க வைக்க நாங்கள் எல்லாரும் சேர்ந்து அட்டை எழுதியிருந்தோம் என்று சொல்ல எனக்கு அன்று தைரியம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியமே, பஸ்ஸுக்குப் போகும்முன் அவளைக் கேட் அருகில் பிடித்தேன். “அந்த லெட்டரை நான் எடுத்திருக்கக்கூடாது. மன்னிச்சுக்கம்மா” என்றேன்.

“அதுல பொய் ஒண்ணும் இல்லக்கா. நான் சொன்னதைத்தான் அவரு எழுதுனாரு” என்றாள். “நான் அதைச் சொல்றதுக்கு முன்னாடி நடந்தது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். புதன்கெழம நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தீங்க?”

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிக்கொண்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளைத் தையல் பிரிவுக்கு அனுப்பவில்லை. பில் இருந்து, தைத்ததிலோ ஒட்டியதிலோ குறை என்றால், பதினைந்து நாளுக்குள் கடையில் இருக்கும் மூத்த பெண்ணே மாற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு சர்க்குலர் போனது. அதை டைப் அடித்தவள் நான்தான். திரும்பி வரும் ஜோடிகளைக் கடையின் பேரில் எழுதாமல் ஃபேக்டரியில் அதைத் தைத்த லைனின், அதாவது தையல் வரிசையின், பேரில் எழுத ஆரம்பித்தார்கள். அதற்கு ஃபேக்டரி உள்ளே பெரிய சண்டை. இன்சார்ஜ் சில மாதத்தில் ராணிப்பேட்டையில் வேறு ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வாத்தியாருக்குப் புது ஜோடி அனுப்பினோம். அவரிடமிருந்து பதில் எதுவும் வரவில்லை.

மூன்று பேர் காட்சியை எழுத எனக்குப் பத்து நாள் ஆயிற்று. மூன்றாவது அட்டைதான் கஷ்டம். ‘கையெழுத்துப் போடாதவர்’ என்று எழுதினால் வில்லனாக நடிக்கிறார்கள். கடைசியில் அந்த அட்டையில், காலையில் அவருக்கு ஃபேக்டரியிலிருந்து வந்த ஃபோனையும் எழுதினேன். அதன் பிறகு யார் நடித்தாலும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் தயங்கினார்கள்.

ஆம்பூர் கடைப் பெண்களுக்கு அடுத்த பயிற்சி வைத்தபோது வாடிக்கையாளராக யாரைப் போடுவது என்று மேனேஜர் கேட்டார். நான் தயங்கிக்கொண்டே அவள் பெயரைச் சொன்னேன். வருவாளா என்று சந்தேகம். வந்தாள். அட்டையை ஒருமுறை படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டியை மேஜை மேல் போட்டு, “யாரு இங்க பொறுப்பு? கூப்புடு அவரை மொதல்ல!” என்று அவள் கத்தியதில் எதிரில் நின்ற பெண் இரண்டடி பின்னால் போய்விட்டாள். டிக் போட வேண்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறக்காமலே நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.